பழைய மேனேஜருக்கு ஒரு போன்: விண்ணப்பத்துக்கு முன்பா, பின்பா?

வேலை மாறுகிறவர்களில் பலருக்குப் பழைய மேனேஜரின் நினைவு வருவது, புதிய கம்பெனியின் எச்ஆர் ஒரு படிவத்தை அனுப்பி, உங்கள் வேலையை நேரடியாக அறிந்த இரண்டு பேரின் பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல், கைபேசி எண் ஆகியவற்றைக் கேட்கும் நாளில்தான். மறுநாளைக்குள் நிரப்பித் தர வேண்டும். மூன்று வருடமாகப் பேசாத மனிதருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகிறது: 'சார், உங்க பேரை ரெஃபரன்ஸா போட்டிருக்கேன். கால் வந்தா கொஞ்சம் நல்லா சொல்லுங்க சார்.' அவர் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்புகிறார். இவரும் காரியம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

அந்தக் கட்டைவிரலை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. உங்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயரைப் போட்ட பிறகு சொன்னால், மறுக்க அவருக்கு வழியில்லை. மறுக்க வழியில்லாதவர் கொடுக்கும் சம்மதத்துக்கு மதிப்பும் குறைவு. அதனால்தான் இந்தப் பேச்சை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, ஆற அமர, ஒரு போனில் முடித்துக்கொள்வது நல்லது என்கிறேன். அப்போது கேட்டால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியும். நீங்களும் வேறு ஆளைத் தேடிக்கொள்ள முடியும்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கார்க் கதவுக் கைப்பிடிகளைச் செய்து பெயிண்ட் அடித்துத் தரும் ஒரு தொழிற்சாலையில் 2018 முதல் 2021 வரை தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்த ஒரு பெண். இப்போது ஓரகடத்தில் இன்னொரு கம்பெனியில் இருக்கிறார். அன்றைக்கு அவருடைய மேனேஜராக இருந்தவர் இன்று ஓசூரில் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி ஹெட். இந்தப் பெண் சப்ளையர் குவாலிட்டி வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். இப்போதிருக்கும் கம்பெனிக்கு இது தெரியக்கூடாது. ஆகவே இன்றைய மேனேஜரின் பெயரைக் கொடுக்க முடியாது. தன் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் என்று கைகாட்ட அந்தப் பழைய மேனேஜர்தான் இருக்கிறார்.

முதலில் வருவது கூச்சம். இத்தனை நாள் ஒரு பொங்கல் வாழ்த்துகூட அனுப்பாமல் இருந்துவிட்டு, காரியம் என்றதும் கூப்பிட்டால் என்ன நினைப்பார்? இந்தத் தயக்கத்திலேயே பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் இந்த விஷயத்தைத்தான் ஆராய்ந்தார். பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம், யார் மூலம் இந்த வேலையைப் பற்றித் தெரிந்தது, அவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பீர்கள் என்று கேட்டார். 1973-இல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் அது அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் வந்திருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது அல்லது அபூர்வமாகச் சந்திப்பவர்கள் மூலம்தான். கல்லூரி நண்பர், பழைய சக ஊழியர், பழைய முதலாளி என்று அந்த வகை ஆட்களை அவரே பட்டியலிடுகிறார். காரணம் எளிது. தினம் பார்க்கும் நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேறு இடத்துக்குப் போய்விட்டவருக்கு வேறு விஷயங்கள் தெரியும். ஆகவே தொடர்பு விட்டுப்போனதற்காக அவரைத் தவிர்க்க வேண்டியதில்லை. நீண்ட மன்னிப்புப் படலமும் வேண்டாம். 'ரொம்ப நாளா பேசாம இருந்துட்டேன் சார்' என்ற ஒரு வரி போதும்.

செய்தியில் கேட்பதா, போனில் கேட்பதா என்பதில் என் அபிப்பிராயம் இது: நேரம் கேட்க வாட்ஸ்அப், விஷயம் கேட்க போன். எழுத்தில் கேட்டால் அது எங்கே எல்லாம் சுற்றும் என்று சொல்ல முடியாது. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் எல்லாம் பார்க்கப் பெரிய உலகம். தரக்கட்டுப்பாட்டு ஆட்களுக்குள் அது ஒரே தெரு. தவிர, எழுத்தில் வரும் பதிலை வைத்து மனசைப் படிக்க முடியாது. அந்தப் பெண் அனுப்பிய செய்தி இப்படி இருந்தால் போதும்:

'வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? பெயிண்ட் லைன் குவாலிட்டியில உங்ககிட்ட மூணு வருஷம் இருந்தேன், ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன். ஒரு விஷயமா பத்து நிமிஷம் பேசணும் சார். அவசரம் ஒண்ணும் இல்லை. இந்த வாரம் எப்ப தோதுப்படும்னு சொன்னீங்கன்னா நானே கூப்பிடறேன்.'

இதில் தான் யார் என்று அவரே சொல்லிவிடுகிறார். மூன்று வருடத்தில் அந்த மேனேஜருக்குக் கீழே எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். பெயரை மட்டும் பார்த்து அவர் முழிக்க வேண்டியிருக்காது. போன் மாற்றியவராக இருந்தால் நம்பரே சேமிப்பில் இருக்காது.

போனில் நலம் விசாரித்த பிறகு சுற்றி வளைக்காமல் கேட்கலாம். 'சார், ஒரு இடத்துல சப்ளையர் குவாலிட்டிக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். இன்னும் போடலை. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுக்கலாம்னுதான் கூப்பிட்டேன். என் வேலையைப் பத்தி அவங்க விசாரிச்சா, நம்பிக்கையா சொல்ற அளவுக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? இல்லைன்னா தயங்காம சொல்லுங்க, நான் வேற யாரையாவது கேட்டுக்கறேன்.'

இதில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. 'எனக்கு ரெஃபரன்ஸ் தருவீங்களா' என்று கேட்டால், நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். 'அதுக்கென்ன, போட்டுக்கோம்மா' என்பார்கள். பிறகு விசாரிக்கும் ஆள் கூப்பிடும்போது, 'ஆமா, இருந்தாங்க, பரவாயில்லை' என்று முடித்துக்கொள்வார்கள். பரவாயில்லை என்ற ஒரு சொல் போதும், எதிர்முனையில் இருப்பவருக்குச் சந்தேகம் வர. திட்டியிருந்தால்கூட, இவர்களுக்குள் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. சுரத்தில்லாத பாராட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. ஆகவே அவர் மறுப்பதற்கு ஒரு சுலபமான வழியை நீங்களே திறந்துவைக்க வேண்டும்.

பதிலைக் கேட்கும்போது சொல்லை மட்டும் பார்க்காமல் அதோடு வரும் கேள்விகளையும் கவனிக்க வேண்டும். மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறவர் உடனே குறுக்குக் கேள்வி கேட்பார்: எந்தக் கம்பெனி, யாருக்கு ரிப்போர்ட் பண்ண வேண்டும், ஜேடி இருந்தால் அனுப்பு. 'சப்ளையர் குவாலிட்டின்னா மாசத்துல பாதி நாள் வெளியூர்ல கிடக்கணும்மா, வீட்டுல சரிப்பட்டு வருமா?' என்று கேட்கிறவர் உங்களுக்காக யோசிக்க ஆரம்பித்துவிட்டார். 'பார்க்கலாம்மா', 'எச்ஆர் கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ', 'நான் இப்ப அங்க இல்லையே' என்று வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு பெயரைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். அவர் மறுபடி கூப்பிடுவார் என்று காத்திருக்க வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம்.

விண்ணப்பத்துக்கு முன்பே பேசுவதில் இன்னொரு லாபம் உண்டு. அது சிலசமயம் ரெஃபரன்ஸைவிடப் பெரியது. அந்தத் துறையிலேயே இருபது வருடம் இருந்த மனிதருக்கு, அந்த நாற்காலி ஏன் காலியானது என்று தெரிந்திருக்கும். போன வருடம் இரண்டு பேர் வந்து ஆறு மாதத்தில் ஓடிவிட்டார்கள் என்றோ, அந்த ஆலையில் புது மாடல் வரப்போகிறது, ஆள் கட்டாயம் தேவை, சம்பளத்தில் இறங்கிப் போகாதே என்றோ சொல்வார். விண்ணப்பித்து, தேர்வாகி, ஆஃபர் கையில் வந்த பிறகு இதே விஷயத்தைக் கேட்டால் மனசு குழம்புவதுதான் மிச்சம்.

அந்த மேனேஜர் வேலை பார்க்கும் கம்பெனிக்கே நீங்கள் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், முன்பே பேசுவது கட்டாயம் என்றே சொல்லலாம். பெரிய கம்பெனிகளில் ஊழியர்கள் ஆளைப் பரிந்துரைக்க ரெஃபரல் போர்ட்டல் இருக்கும். நீங்கள் இணையதளத்தில் நேரடியாக ஒருமுறை விண்ணப்பித்துவிட்டால், உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அவர்களுடைய பட்டியலில் ஏறிவிடும். அதன் பிறகு அவர் உங்கள் பெயரை உள்ளிட்டால், இந்த ஆள் ஏற்கனவே இருக்கிறார் என்று பல இடங்களில் மென்பொருளே தள்ளிவிடும். சில மாதம் கழித்துத்தான் மறுபடி போட முடியும். கன்சல்டன்சி மூலம் பயோடேட்டா போயிருந்தாலும் இதே கதைதான். நீங்கள் வேலையில் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் பரிந்துரைத்தவருக்கு ஒரு தொகை கிடைக்கும் ஏற்பாடும் பல கம்பெனிகளில் உண்டு. தன் பிரிவுக்கே ஆள் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. அதை நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை, கொடுக்கிறது கம்பெனி. ஆனால் வரிசை முக்கியம். முதலில் போன், பிறகு அவர் அனுப்பும் லிங்க், அதன் வழியாக விண்ணப்பம்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரலாம். அவர் உங்கள் இருவருக்கும் பொதுவான பழைய கம்பெனியை அண்மையில்தான் விட்டவராக, நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பவராக இருந்தால், அவருடைய ஒப்பந்தத்தில் பழைய ஊழியர்களை இழுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கக்கூடும். பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு வருடம்போல. அவர் தயங்கினால் உங்கள் மேல் அபிப்பிராயம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். 'ஒப்பந்தத்துல ஏதாவது தடை இருக்கா சார்' என்று நீங்களே கேட்டுவிடலாம். இருக்கிறது என்றால், அந்தக் காலம் முடியும்வரை அவரை இதில் இழுக்காமல் விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை.

இனி, அவர் சரி என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியது. நிறையப் பேர் இங்கே சறுக்குகிறார்கள். பயோடேட்டாவை அனுப்பிவிட்டு விட்டுவிடுகிறார்கள். பயோடேட்டா அந்நியர்களுக்காக எழுதியது. மேனேஜருக்குத் தேவை ஞாபகப்படுத்தும் ஒரு குறிப்பு, அதிகம் போனால் ஒரு பக்கம்.

நம் உதாரணப் பெண்ணின் விஷயத்தில் அதன் அவசியம் புரியும். 2020-இல் அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு பெரிய புகார் வந்தது. கைப்பிடியில் பெயிண்ட் உரிகிறது என்று கார் கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பியது. பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள், பிடிபடவில்லை. இந்தப் பெண் திரும்பி வந்த கைப்பிடிகளின் பின்பக்கத்திலிருந்த தேதிக் குறிகளை எடுத்து ஒரு தாளில் வரிசைப்படுத்தினார். முக்கால்வாசி திங்கட்கிழமை முதல் ஷிப்டில் செய்தவை. ஞாயிறு முழுக்க அணைந்து கிடந்த ஓவன் முழுச்சூடு ஏறுவதற்குள் முதல் டிராலிகள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. பெயிண்ட் சரியாக இறுகவில்லை. திங்கள் காலை ஓவனை முன்கூட்டியே போடுவது, சூடு ஏறியதைப் பதிவு செய்த பிறகே முதல் டிராலியை விடுவது என்று ஏற்பாடு செய்ததும் புகார் நின்றது.

போனில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது மேனேஜருக்கு அந்தப் புகார் நன்றாக நினைவிருந்தது. கார் கம்பெனியில் போய்த் திட்டு வாங்கியவர் அவர்தானே. ஆனால் தேதிக் குறியைப் பார்த்துக் கண்டுபிடித்தது யார் என்பதில் அவருக்கு வேறு ஒருவரின் முகம்தான் மனதில் இருந்தது. இதில் வஞ்சனை ஒன்றும் இல்லை. மேனேஜர்களுக்குப் பிரச்சினை நினைவிருக்கும், தீர்த்த ஆள் கலங்கலாகத்தான் இருப்பார். முன்பே பேசியதால் அதைச் சரிசெய்ய முடிந்தது. விசாரிக்கிறவரிடம் அவர் அந்த வேறு ஆளைப் புகழ்ந்து வைத்திருந்தால் பாதகம் இந்தப் பெண்ணுக்குத்தான்.

அவர் அனுப்பும் குறிப்பில் நாலே விஷயம். சேர்ந்தது, விலகியது, அன்றைய பதவி, இவருக்குக் கீழே இருந்த காலம். இவை எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும், மாதம் உட்பட. அடுத்து, சேர்ந்து செய்த இரண்டு மூன்று வேலைகள், மேலே சொன்ன பெயிண்ட் விவகாரம்போல, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரியில். பிறகு விண்ணப்பிக்கும் வேலையின் ஜேடி. கடைசியாக, அன்றைக்கு இருந்த ஒரு குறை. இதைத்தான் யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் எழுத வேண்டும். இவரிடம் முன்னேற வேண்டியது என்ன என்று விசாரிக்கிறவர்கள் கேட்பது வழக்கம். மேனேஜர் அந்த நேரத்தில் தோன்றுவதைச் சொல்வார். 'அப்ப எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்குவேன்னு நீங்க திட்டுவீங்க சார். இப்ப நாலு ஜூனியர்ங்களை வச்சு வேலை வாங்கறேன்' என்று நினைவூட்டினால், உண்மையும் கெடாது, அந்தக் குறை பழைய கதையாகவும் நிற்கும். இல்லாததைச் சொல்லச் சொல்வது வேறு. பதவியை ஒரு படி ஏற்றிச் சொல்லுங்கள், தேதியை இரண்டு மாதம் தள்ளிச் சொல்லுங்கள் என்று கேட்பது அவருடைய பெயரையும் சேர்த்து அடகு வைப்பதாகும். சரிபார்ப்பில் அது எளிதில் பிடிபடும்.

அந்த விசாரணை எப்படி நடக்கும் என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆஃபருக்குப் பிறகு, சிலசமயம் வேலையில் சேர்ந்த பிறகு, கம்பெனி அமர்த்திய ஒரு சரிபார்ப்பு நிறுவனம் கூப்பிடும். பேசுகிறவர் கையில் ஒரு கேள்வித்தாள் இருக்கும். எந்தக் காலம், என்ன பதவி, யாருக்குக் கீழே, ஏன் விலகினார், நேர்மை, வருகை, பிறரோடு பழகும் விதம் என்று போகும். பெரும்பாலும் கடைசியில் வருவது: 'வாய்ப்பு வந்தால் இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?' எல்லாக் கேள்விக்கும் சரளமாகப் பதில் சொன்னவர் இங்கே இரண்டு விநாடி யோசித்தால், கேட்பவர் அதைக் கவனிப்பார். ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதல் போனிலேயே சிரித்துக்கொண்டே இதையும் கேட்டுவிடுவேன்: 'சார், உங்க டீம்ல இடம் இருந்தா என்னை எடுப்பீங்களா?' அந்தப் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நடைமுறையில் ஒரு தொல்லை, இந்த நிறுவனங்கள் பல இடங்களில் ஜிமெயிலை ஏற்பதில்லை. அலுவலக மின்னஞ்சல்தான் வேண்டும் என்பார்கள். பழைய கம்பெனியை விட்டுவிட்ட மேனேஜருக்கு அந்தப் பழைய மின்னஞ்சல் இருக்காது. இப்போதைய கம்பெனி மின்னஞ்சலிலிருந்து வேறொரு கம்பெனி ஊழியருக்காகப் பதில் எழுதுவது அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். எது சரிப்படும் என்று முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த அழைப்புகள் ட்ரூகாலரில் ஸ்பேம் என்று சிவப்பாக வருவதுண்டு. இரண்டு மூன்று முறை எடுக்காவிட்டால் தொடர்புகொள்ள முடியவில்லை என்று அறிக்கை போய்விடும். படிவத்தில் பெயரைப் போடும் அன்றே அவருக்கு ஒரு செய்தி: 'இன்னிக்கு உங்க நம்பர் கொடுத்திருக்கேன் சார், இந்த வாரம் தெரியாத நம்பர்ல இருந்து கால் வரலாம்.' முன்பு போனில் வாங்கிய சம்மதத்தை நம்பி இதை விட்டுவிடக் கூடாது. இடையில் சில வாரம் ஓடியிருக்கும்.

இன்னமும் பழைய கம்பெனியிலேயே இருக்கும் மேனேஜர், 'எங்க பாலிசிப்படி நான் பேசக்கூடாதும்மா, எச்ஆர் தேதியும் பதவியும் மட்டும்தான் சொல்வாங்க' என்றால் அது சாக்கு என்று நினைக்க வேண்டாம். குறிப்பாகப் பன்னாட்டுக் கம்பெனிகளில் இந்தக் கட்டுப்பாடு நிஜமாகவே இருக்கிறது. இதற்குப் பின்னால் வழக்குப் பயம் உண்டு. பிரிட்டனில் ஸ்பிரிங் என்ற காப்பீட்டு முகவர், பழைய நிறுவனம் கொடுத்த மோசமான ரெஃபரன்ஸால் வேலை கிடைக்காமல் போனதாக வழக்குப் போட்டார். ரெஃபரன்ஸ் கொடுப்பவர் அதைப் பொறுப்போடும் கவனத்தோடும் எழுத வேண்டிய கடமை உண்டு என்று 1994-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வாயைத் திறந்தால்தானே வம்பு என்று, தேதியை மட்டும் உறுதிசெய்வது பாதுகாப்பான வழியாகிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவரிடம், கம்பெனியின் பெயரால் இல்லாமல் தனிப்பட்ட முறையில் பேச முடியுமா என்று ஒருமுறை கேட்கலாம். முடியாது என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

பழைய மேனேஜரோடு மனக்கசப்பில் பிரிந்தவர்கள் என்ன செய்வது? அவரையே கேட்டாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வேலையை நேரடியாக அறிந்தவர் என்றுதான் படிவம் கேட்கும். மேனேஜருக்கு மேலே இருந்தவர், சேர்ந்து வேலை செய்த பக்கத்துப் பிரிவின் தலைவர், ஏன், புகார்களுக்காக வாராவாரம் உங்களோடு பேசிய வாடிக்கையாளர் கம்பெனியின் பொறியாளர்கூட ஆகலாம். நம் உதாரணப் பெண் இரண்டாவது பெயராகக் கொடுத்தது கைப்பிடிகளைத் திருப்பி அனுப்பிய கார் கம்பெனியின் பொறியாளரை. அவரிடமும் முதலில் போனில்தான் கேட்டார்.